அமில எண்: எனக்கு அரியர் விழுந்தது 0.6 மில்லியில்

நேற்று மதியம் ரிசல்ட் வந்தது. போன முறை செய்முறைத் தேர்வில் விழுந்த அரியர் க்ளியர் ஆகிவிட்டது. இரண்டு முறையும் எனக்குச் சீட்டில் வந்தது எண்ணெயின் அமில எண்தான், அதாவது ஒரு கிராம் எண்ணெயில் விடுபட்டிருக்கும் கொழுப்பமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் KOH வேண்டும் என்ற கணக்கு. முதல் முறை எங்கே தவறினேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். இந்த ஒன்றை யாரும் எனக்கு முன்பே அழுத்திச் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அன்று கொடுத்தது கடலை எண்ணெய். 5 கிராம் எடைபோட்டு, 50 மில்லி ஆல்கஹால் ஊற்றி, சூடாக்கி, பினாஃப்தலீன் விட்டு டைட்ரேட் செய்தேன். ப்யூரெட்டில் ஆல்கஹாலில் கரைத்த KOH, 0.098 N. ரீடிங் 2.9 மில்லி. மூன்று முறையும் அதே 2.9 வந்ததால் தைரியமாக எழுதிக் கொடுத்தேன்.

அமில எண் = 56.1 × V × N / W

கணக்குப்படி 3.19. சரியான விடை 2.5-ஐ ஒட்டியது. கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. ஆல்கஹாலைத்தான் நான் முதலில் நடுநிலையாக்கவில்லை.

பாட்டிலில் நாள்பட இருக்கும் ஆல்கஹாலில் கொஞ்சம் அமிலம் சேர்ந்துவிடும். காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு வேறு. KOH-க்கு எண்ணெயின் அமிலமா, ஆல்கஹாலின் அமிலமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே தின்னும். அப்புறம் ஒருநாள் அதே ஆல்கஹாலை எண்ணெய் சேர்க்காமல் 50 மில்லி எடுத்து டைட்ரேட் செய்து பார்த்தேன். 0.6 மில்லி குடித்தது. 2.9-இல் அதைக் கழித்தால் 2.3, அமில எண் 2.53. மூன்று ரீடிங்கும் ஒன்றாக வந்தது எனக்குக் கொடுத்த நம்பிக்கை பொய் நம்பிக்கை. ஒரே பிழை மூன்று முறையும் ஒரே அளவில் நடந்திருக்கிறது. நல்ல எண்ணெயாக இருந்தால் மொத்த ரீடிங்கே ஒரு மில்லிக்குள் முடிந்துவிடும். அங்கே 0.6 என்பது பாதிக்கும் மேல்.

அதனால் இந்த முறை எண்ணெயைத் தொடும் முன்பே ஆல்கஹாலைத் தண்ணீர்க் குளியலில் வைத்துக் கொதிக்கவிட்டேன் (நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்). கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். பினாஃப்தலீன் விட்டு, KOH-ஐச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, லேசான இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தினேன். அதைச் சூடாகவே எண்ணெயில் ஊற்றியதும் நிறம் மறைந்துவிட்டது. இனிமேல் குடிக்கிற KOH எல்லாம் எண்ணெய்க்கு மட்டும்.

அடுத்து முடிவுப் புள்ளி. கடலை எண்ணெயின் மஞ்சளில் இளஞ்சிவப்பு சட்டென்று தெரியாது, கூடவே கலவை பால் மாதிரி கலங்கியும் இருக்கும். கீழே வெள்ளை ஓடு வைத்து, நன்றாகக் குலுக்கி, ஒரு நொடி நிறுத்தி, மேலே தெளியும் ஆல்கஹால் அடுக்கில் நிறத்தைப் பாருங்கள். 15 விநாடி நின்றால் போதும். இரண்டு நிமிடத்தில் மங்கிப்போகிறதே என்று இன்னும் இரண்டு சொட்டு விடாதீர்கள். மிஞ்சிய KOH சூட்டில் எண்ணெயையே சோப்பாக்கத் தொடங்கிவிடும், அதனால்தான் நிறம் போகிறது. துரத்திக்கொண்டே போனால் ரீடிங் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக:
- KOH-இன் வலுவை அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் ஆவியாகும், அறைச் சூட்டில் விரியும். போன வாரத்து நார்மாலிட்டி இன்று உதவாது.
- கரைசல் மஞ்சளாகி இருந்தால் வேறு கேளுங்கள்.
- ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது, வேகமாக இறங்கும். குழாயை மெதுவாகத் திறங்கள்.

வாய்மொழித் தேர்வில் ஏன் தண்ணீரில் கரைத்த KOH எடுக்கவில்லை என்று கேட்டார்கள். எண்ணெய் தண்ணீரில் கலக்காது; உண்டாகும் சோப்பும் தண்ணீரில் நீராற்பகுப்பு அடைந்து காரத்தன்மை காட்டி முடிவுப் புள்ளியைக் குழப்பும் என்றேன். தலையாட்டினார்கள்.

அடுத்த கேள்வியில்தான் பலரும் மாட்டுகிறார்கள். சிக்கு வாடை அடிக்கும் ரீஃபைண்ட் எண்ணெயில் அமில எண் குறைவாக வருமா? வரும். அமில எண் காட்டுவது ஈரத்தாலும் லிப்பேஸ் நொதியாலும் கொழுப்பு உடைந்து விடுபட்ட கொழுப்பமிலத்தை மட்டுமே. சரியாகக் காயாத கொப்பரையில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் இது நன்றாக ஏறும். ஆக்சிஜன் பட்டுக் கெடும்போது முதலில் பெராக்சைடும், பிறகு வாடைக்குக் காரணமான ஆல்டிஹைடும் உண்டாகின்றன. அவை அமிலங்கள் இல்லை, KOH அவற்றைக் கண்டுகொள்ளாது. அதற்குப் பெராக்சைடு எண் தனியாகப் பார்க்க வேண்டும். ரீஃபைண்ட் எண்ணெயில் சுத்திகரிக்கும்போதே அமிலத்தை எடுத்துவிடுவதால், அதன் குறைந்த அமில எண்ணை வைத்து எண்ணெய் புதிது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆகவே ரெக்கார்டில் முடிவு எழுதும்போது ‘எண்ணெய் கெடவில்லை’ என்று எழுதாமல், ‘விடுபட்ட கொழுப்பமிலம் இவ்வளவு’ என்று எழுதினேன். போன முறை எண்ணெயின் திருத்திய 2.53-ஐ 1.99 என்ற மாற்றுக் காரணியால் வகுத்தால், ஒலியிக் அமிலமாக 1.27 சதவீதம்.