இலங்கைக்கு வரவேற்கிறோம்: ராமநாதபுரக் கரையில் ஒரு ராக்கெட் பேச்சு

அரிச்சல்முனையில் சாலை வட்டமடித்து முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி, கூடவே ரோமிங் கட்டண விவரம். தனுஷ்கோடிக்கு வந்தவர்களுக்கு இது பழகிய வேடிக்கைதான். தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கிறது, அதன் அலைவரிசை நம் கரையில் வந்து ஏறிக்கொள்கிறது. சிரித்துவிட்டுச் செய்தியை அழிக்கப் போனவன் அழிக்கவில்லை. மறுநாள் காலை பேச வேண்டிய பேச்சுக்கு முதல் வரி கிடைத்துவிட்டது.

மண்டபத்துக்கு அருகே ஒரு கடலோரப் பள்ளியில் என் கல்லூரித் தோழன் அறிவியல் ஆசிரியராக இருக்கிறான். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறவன். ராமேஸ்வரம் வருகிறேன் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டான். "காலையில பிரேயர்ல பத்து நிமிஷம் ராக்கெட் பத்திப் பேசுடா. கலாம் ஐயா பத்தி மட்டும் வேண்டாம். இந்த ஊர்ல மேடை ஏறுற எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க, பசங்களுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும்."

இரவு விடுதியில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். காலையில் பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறும்போது படித்துப் பார்த்தால் எல்லாம் உபதேசமாக இருந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

பள்ளி முற்றத்தில் வேப்பமரத்தடியில் முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. ஏறக்குறைய இப்படித்தான் பேசினேன்:

"நேத்து அரிச்சல்முனையில என் போனுக்கு இலங்கைக்கு வாங்கன்னு மெசேஜ் வந்துச்சு. உங்கள்ல எத்தனை பேருக்கு வந்திருக்கு?" (பாதிக்கு மேல் கை தூக்கினார்கள்.) "இலங்கை அவ்வளவு பக்கத்துல இருக்கறதாலதான் ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே போக வேண்டிய ராக்கெட், முதல்ல தெற்கே போறதில்ல. தென்கிழக்கே போயி, அப்புறம் வளைஞ்சு தெற்குக்கு வருது. இன்னைக்கு அந்த ஒரு வளைவைப் பத்தி மட்டும் பேசுவோம்.

"பூமியைப் படம் பிடிக்கிற செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்கா சுத்தும். அது அப்படிச் சுத்த, கீழே பூமி மேற்கிலேருந்து கிழக்கா உருளும். அதனால சில நாள்ல மொத்த பூமியும் அதோட கண்ணுக்குக் கீழ வந்துரும். அப்போ ராக்கெட்டைத் தெற்கே விடணும். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நேர் தெற்கே ஒரு கோடு போடுங்க. சென்னைக் கரையை உரசிக்கிட்டு வந்து யாழ்ப்பாணத்துல ஏறும்.

"ஏறினா என்னன்னு கேட்கலாம். ராக்கெட் அதுக்குள்ள ரொம்ப உயரத்துல இருக்குமே? ஆனா தரையில ஒருத்தர் திரையைப் பார்த்துக்கிட்டே இருப்பார். ராக்கெட் எங்கே இருக்குன்னு மட்டும் அவர் பார்க்கறதில்ல. இந்த விநாடி எஞ்சின் நின்னுபோனா இது எங்கே போய் விழும்? அந்தப் புள்ளியையும் பார்ப்பார். ராக்கெட் மேலே போகப் போக அந்தப் புள்ளி கடல்மேல முன்னாடி முன்னாடி ஓடும். அது இலங்கை மேல ஏறக் கூடாது. அதனால பி.எஸ்.எல்.வி.யை வடக்கிலேருந்து கடிகார முள் போற பக்கமா அளந்தா 140 டிகிரி திசையில, அதாவது தென்கிழக்கா விடுறாங்க. இலங்கையைத் தொடாதுன்னு ஆனதும் தெற்குப் பக்கம் திருப்புறாங்க. திருப்பம் சுமார் 50 டிகிரி.

"சைக்கிள்ல வர்றவங்க கை தூக்குங்க. ஹேண்டிலைத் திருப்பினா வண்டி திரும்புது. எதைப் பிடிச்சுத் திரும்புது? ரோட்டை. மணல்ல திருப்பினா சறுக்குது. வத்தையில போனா சுக்கானுக்குத் தண்ணி இருக்கு. மேலே ராக்கெட்டுக்கு ரோடும் இல்ல, தண்ணியும் இல்ல. காத்துகூடக் கிடையாது. தன்கிட்ட இருக்கற எரிபொருளை எரிச்சுத் தள்ளித்தான் திரும்பணும். அப்போ ஒரு திருப்பத்துக்கு என்ன விலை? அதை நீங்களே ஸ்கேல் வச்சு அளக்கலாம்."

இந்த இடத்தில் தோழன் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் சாய்த்து வைத்தான். ஒரு புள்ளி வைத்தேன். அங்கிருந்து 7.5 என்று ஒரு நீளக் கோடு. அதே புள்ளியிலிருந்து 50 டிகிரி விலகி 2 என்று ஒரு குட்டைக் கோடு.

"நீளக் கோடு, சுற்றுப்பாதையில செயற்கைக்கோளுக்கு இருக்க வேண்டிய வேகம். விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர். குட்டைக் கோடு, திரும்பும்போது ராக்கெட்கிட்ட இருக்கற வேகம். கணக்குக்கு 2ன்னு வச்சுக்குவோம். ரெண்டு கோட்டோட முனையையும் சேர்த்தா, இன்னும் சம்பாதிக்க வேண்டிய வேகம் கிடைக்கும். நோட்டுல சென்டிமீட்டர்ல வரைஞ்சு அளந்து பாருங்க, 6.4 வரும். நேராவே போயிருந்தா? ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும். 7.5ல 2 போக 5.5. ஆக அந்த வளைவுக்கு நாம கட்டுற விலை 0.9. விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தை எரிபொருளாக் கொட்டித் தீர்க்கறோம்."

நிஜத்தில் கோணமும் வேகமும் ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் மாறும், திருப்பமும் ஒரே வெட்டாக நடக்காமல் மெல்ல மெல்ல நடக்கும். ஆறாம் வகுப்பும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அதைச் சொல்லிக் குழப்பவில்லை. முக்கோணம் சொல்வது சரிதான், அது போதும் என்று நினைத்தேன்.

பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. முடிக்கலாம் என்றபோது பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "சார், அது வளையறது இங்கேருந்து தெரியுமா?"

எழுதி மடித்து வைத்திருந்த நாலு பக்கத்தில் இந்தக் கேள்வியே இல்லை. எனக்கு இதற்குச் சொந்தமாகவே ஓர் அனுபவம் உண்டு என்பதால் விரிவாகவே சொன்னேன். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். பூமி உருண்டை, ஆகவே ஏவுதளம் அடிவானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எவ்வளவு கீழே? தூரத்தைத் தூரத்தால் பெருக்கி, பூமியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 500 பெருக்கல் 500, அதை 12,750ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 20. ராக்கெட் 20 கிலோமீட்டர் உயரம் ஏறினால்தான் மண்டபத்துக் கண்ணுக்கு அடிவானத்தில் தலை காட்டும். அதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். கவுண்ட் டவுன் முடிந்ததும் வானத்தைப் பார்த்து ஒன்றும் காணோமே என்று வீட்டுக்குள் போய்விடக் கூடாது.

முதலில் வடக்கில், கொஞ்சம் கிழக்கே தள்ளித் தெரியும். தென்கிழக்கே பறப்பதால் நம்மைவிட்டு அதிகம் விலகாமல், வலப்பக்கமாக நகர்ந்து கிழக்குக்கு வரும். நாலு நிமிடம் கழிந்தபோது உயரம் 200 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும், தூரம் அதே ஐந்நூறு சொச்சம்தான். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முஷ்டி வைத்தால் ராக்கெட் நிற்கும் உயரம்.

ஆனால் பகலில் தேடிப் பயனில்லை. விடிவதற்குச் சற்று முன்னாலோ, பொழுது சாய்ந்த சற்று நேரத்திலோ ஏவினால்தான் யோகம். நம் கரை இருட்டில் இருக்கும், அந்த உயரத்தில் வெயில் அடிக்கும். புகை அங்கே ஒளிரும்.

என் அனுபவம் என்று சொன்னேனே, அது 2025 மே 18. பி.எஸ்.எல்.வி. சி-61, காலை 5.59க்கு. அரிச்சல்முனைக்கு அந்த நேரத்தில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் மண்டபம் கரையில் நின்றேன். கீழ்வானத்தில் கெட்டியாக மேகம். ஒன்றும் தெரியவில்லை. போனில் நேரலையைப் பார்த்தபோதுதான், திரையில் இருந்த வரைபடம் சரியாக இல்லை என்று கண்ணுக்குப் பட்டது. போக வேண்டிய பாதை ஒரு கோடாக முன்கூட்டியே போட்டிருக்கும், உண்மையில் போகிற பாதை அதன்மேல் ஊர்ந்து வரும். இரண்டும் ஒட்டியே வந்துகொண்டிருந்தவை மூன்றாம் கட்டம் எரியும்போது பிரிய ஆரம்பித்தன. வர்ணனை செய்தவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே கோடு சொல்லிவிட்டது. மூன்றாம் கட்ட மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பிறகு இஸ்ரோ தலைவர் அறிவித்தார். பிள்ளைகளிடம் சொன்னேன்: அடுத்த முறை நேரலை பார்த்தால் தீயைப் பார்க்காதீர்கள், அந்த இரண்டு கோடுகளைப் பாருங்கள்.

இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டோடு வந்தாள். அளந்ததில் 6.3 வந்திருந்தது. பாகைமானியை வைத்த இடம் கொஞ்சம் நகர்ந்திருந்தது, மறுபடி வைத்ததும் சரியாக வந்தது. அவள் வந்தது அதற்காக அல்ல. "வளையவே வேண்டாம்னா, நம்ம ஊர்லேருந்தே விடலாமே சார்?"

வரைபடத்தை விரித்தோம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். தசராவுக்குப் போகிறோமே, அதே குலசைதான். அங்கிருந்து தெற்கே கோடு போட்டால் அண்டார்டிகா வரைக்கும் பெரிய நிலமே இல்லை. அது சின்ன ராக்கெட்டுகளுக்கான இடம். ஏன் சின்னதற்கு என்பதையும் சொன்னேன். வளைவின் விலையைப் பெரிய ராக்கெட் சுமையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கட்டிவிடும். சின்ன ராக்கெட்டில் கடைசிக் கட்டத்தின் கூடும் தொட்டியும் எடை குறையாமல் அப்படியே இருக்கும், வெட்டு முழுவதும் செயற்கைக்கோளின்மேல் விழும். நாலு பேர் ஏறின ஸ்கூட்டரில் மூட்டையை இறக்குவதைத் தவிர வேறு எதை இறக்குவது?

"சரி, அங்கே ஏன்? இங்கே ஏன் இல்ல?" விடவில்லை. குலசையிலிருந்து இலங்கைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அரிச்சல்முனையிலிருந்து முப்பது சொச்சம்தான். கிளம்பின கொஞ்ச நேரத்தில் கோளாறானால் துண்டுகள் விழ அந்த இடைவெளி போதாது என்பது என் கணிப்பு. எதிரே பவளத்திட்டுத் தீவுகள் வேறு. அவள் சமாதானம் ஆன மாதிரித் தெரியவில்லை. வரைபடத்தில் மூக்கையூர்ப் பக்கம் விரலை வைத்து ஏதோ அளந்துகொண்டே போனாள்.

சாயங்காலம் தோழனோடு கரைக்குப் போனேன். காலையில் கேள்வி கேட்ட பையன் தன் அப்பாவோடு நாட்டுப்படகுப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவன் அடிவானத்தில் இரண்டு முஷ்டி அடுக்கிக் காட்டியதும் அப்பா நிமிர்ந்தார். "விடிவெள்ளி அந்த உயரத்துக்கு வந்தா வலையை வாங்க ஆரம்பிப்போம்ணே. இம்புட்டு உசரத்துலயா ராக்கெட்டு போவும்?" என்று தானும் இரண்டு முஷ்டி வைத்துப் பார்த்தார்.

"அப்பா கை பெருசு சார், அவருக்குத் தப்பா வரும்" என்றான் பையன்.

கையும் நீளம்தானே, கண்ணிலிருந்து முஷ்டி தள்ளிப்போய்விடுகிறது, கணக்கு ஒன்றுதான் என்றேன். அவன் நம்பவில்லை. அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் நின்ற விசைப்படகின் கொடிக்கம்பத்துக்கு நேராக இருவர் முஷ்டியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.