வலது முனையோடு ஒப்பிடச் சொன்னது

என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது, கூட வேலை செய்கிற ஒருவர் எழுதிய புரோகிராம். அவர் எழுதியிருந்த கோடில் தவறு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மாற்றச் சொன்னவன் நான்தான்.

வேலை சின்னது. கருவி மறுபடி ஆன் ஆகும்போது, நிரம்பிய வளைய லாக்கில் மிகப் பழைய பதிவு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பதிவுகளின் வரிசை எண் ஏறிக்கொண்டே போகும். கடைசி ஸ்லாட்டில் எழுதியதும் அடுத்தது முதல் ஸ்லாட்டுக்குப் போய்ப் பழையதை அழித்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, கையில் இருப்பது ஒரு சுழன்ற வரிசை. தேடுவது அதில் மிகச் சிறிய எண் இருக்கும் இடம். இடங்களை 0-விலிருந்து எண்ணுகிறோம்; தேடும் பகுதியின் இடது முனை `lo`, வலது முனை `hi`, தொடக்கத்தில் அவை முதல் ஸ்லாட்டும் கடைசி ஸ்லாட்டும். அவர் எழுதியது இது:

```python
while lo < hi:
    if a[lo] <= a[hi]:
        return lo
    mid = (lo + hi) // 2
    if a[mid] >= a[lo]:
        lo = mid + 1
    else:
        hi = mid
return lo
```

ரிவ்யூவில், "இடது முனைக்குப் பதிலாக வலது முனையோடு ஒப்பிடுங்கள், லூப்புக்குள் இருக்கும் அந்த return தேவைப்படாது" என்று எழுதினேன். அவர் நேரிலேயே வந்து கேட்டார்.

"இது எங்கேயாவது தப்பா விடை தருதா சார்?"

"இல்லை."

"அப்போ ஏன் மாத்தணும்?"

அந்த இரண்டாவது கேள்விக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் சரியான பதில்தான். ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதிலா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.

நான் சொன்னது இது. 8 ஸ்லாட் இருக்கிறது, அதில் 21, 22, 23, 16, 17, 18, 19, 20 என்று எண்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஏறுமுகமான இரண்டு துண்டுகள் இருக்கின்றன: 21 முதல் 23 வரை ஒன்று, 16 முதல் 20 வரை ஒன்று. சிறிய எண் இரண்டாவது துண்டின் தலை. அந்தத் துண்டின் வால்தான் வலது முனை. சுழற்சி எத்தனை இடம் நகர்ந்தாலும் இந்த உறவு மாறாது: சிறிய எண்ணும் வலது முனையும் எப்போதும் ஒரே துண்டில். சுழற்சியே இல்லை, 16 முதல் 23 வரை நேராக இருக்கிறது என்றாலும் அப்படித்தான். அப்போது இருப்பது ஒரே துண்டு, தலை 16, வால் 23. இடது முனைக்கு இந்த நிலைத்தன்மை கிடையாது. சுழன்றிருந்தால் அது வேறு துண்டில் இருக்கும், சுழலாவிட்டால் அதுவே சிறிய எண்.

அதனால் நடு எண்ணை வலது முனையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் விடைக்கு ஒரே பொருள்தான். நடு எண் பெரியதென்றால் அது முதல் துண்டைச் சேர்ந்தது, சிறிய எண் அதற்கு வலப்புறம், `lo = mid + 1`. சிறியதென்றால் அது சிறிய எண் இருக்கும் துண்டிலேயே இருக்கிறது, அதுவே விடையாகவும் இருக்கலாம், `hi = mid`. மேலே உள்ள எண்களில் ஓட்டிப் பாருங்கள். நடு 3-வது இடம், அங்கே 16, வலது முனை 20. `hi` 3 ஆகிறது. அடுத்த நடு 1, அங்கே 22, வலது முனை இப்போது 16; `lo` 2 ஆகிறது. அடுத்த நடு 2, அங்கே 23. `lo` 3 ஆகிறது. முடிந்தது. இடையில் return இல்லை, தனி நிபந்தனை இல்லை.

இடது முனையோடு ஒப்பிட்டு, நடு எண் பெரியது என்று வந்தால் அதற்கு இரண்டு பொருள். சுழன்ற வரிசையில் "வலப்புறம் போ". நேரான வரிசையில் "இடப்புறக் கோடியிலேயே இருக்கிறது, போகாதே". அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் அவருடைய `a[lo] <= a[hi]` வரி. அது இல்லாமல் 16 முதல் 23 வரை நேராக உள்ள வரிசையைக் கொடுத்தால் `lo` 4, 6, 7 என்று ஓடி 23-இல் போய் நிற்கும். மிகப் பழையது கேட்டால் மிகப் புதியது வரும்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. நடுவைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குவதால், `lo < hi` என்று இருக்கும் வரை `mid` ஒருபோதும் `hi`-யைத் தொடாது. ஆனால் இரண்டே இடம் மிச்சம் இருக்கும்போது `mid` என்பது `lo`-வேதான். இடது முனையோடு ஒப்பிடுகிறவர் அங்கே ஓர் எண்ணை அதனோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "புரியுது சார். ஆனா என்னோடதுல அந்த வரி இருக்கே" என்றார்.

ஆமாம், இருந்தது. அங்கேதான் நான் காலை ஊன்றிக்கொண்டேன். "இன்னிக்கு இருக்கு. நாளைக்கு யாராவது, ஒவ்வொரு சுற்றிலும் இதை ஏன் சோதிக்கணும், ஒரு தடவை சோதிச்சா போதாதான்னு லூப்புக்கு வெளியே தூக்கி வெச்சா?" என்று கேட்டேன். இது வீண் பயம் இல்லை. பார்ப்பதற்கு அது நல்ல திருத்தம் போலவே இருக்கும். 20, 21, 22, 23, 16, 17, 18, 19 என்ற வரிசையில் முதல் சுற்றே `lo`-வை 4-வது இடத்துக்கு, அதாவது சரியாக 16-இன் மேல் கொண்டுபோய் வைக்கிறது. மிச்சம் இருப்பது நேரான வரிசை. வெளியே இருக்கும் சோதனை அதைப் பார்ப்பதில்லை; `lo` மேலும் நகர்ந்து 19-இல் முடிகிறது. 8 ஸ்லாட்டில் சிறிய எண் 2, 4, 6 ஆகிய இடங்களில் இருந்தால் இப்படித் தவறும், மற்ற இடங்களில் சரியாக வரும்.

இதைச் சொன்னபோது நல்ல வாதமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், எட்டில் மூன்று இடத்தில் தவறும் கோடு, எல்லாச் சுழற்சியையும் பார்க்கும் டெஸ்டிலிருந்து தப்பாது. 1 முதல் 8 வரையிலான அளவுகளில் ஒவ்வொரு சுழற்சியையும் சோதித்தால் மொத்தமே 36 நிலைகள்தான். அவரை அந்த டெஸ்டை எழுதச் சொல்லியிருந்தால் போதும், கோடை மாற்றவே தேவை இருந்திருக்காது. வலது முனை வடிவத்துக்கும் அந்த டெஸ்ட் வேண்டும்தானே? யாராவது `lo < hi`-யை `lo <= hi` என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிட்ட பிறகு `hi = mid` எதையும் நகர்த்தாது, லூப் நிற்கவே நிற்காது. `hi = mid - 1` என்று எழுதினால் விடையையே தாண்டிவிடலாம். அப்படிப் பார்த்தால் என் வடிவமும் ஒரு திருத்தத்தில் உடையக்கூடியதுதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். நகரும் `a[lo]`-வுக்குப் பதிலாக நிலையான `a[0]`-வோடு ஒப்பிட்டால், சுழற்சி இல்லாத நிலையை ஒரே முறை வெளியில் பார்த்துவிட்டு, "`a[0]`-வை விடச் சிறியதாக வரும் முதல் இடம் எது" என்று தேடலாம், அது இன்னும் தெளிவாக இருக்குமே என்று. அதுவும் சரிதான். நான் உடனே, அதே தெளிவு கடைசி ஸ்லாட்டான `a[n-1]`-இலும் கிடைக்கும், "`a[n-1]`-க்கு மேற்படாத முதல் இடம் எது" என்று கேட்டால் அந்த வெளிச் சோதனையும் வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு வரிதான் சார் வித்தியாசம்" என்றார். மறுநாள் வலது முனை வடிவம் வந்தது. ஒப்புக்கொண்டு மாற்றினாரா, என்னோடு மல்லுக்கட்டுவதை விட மாற்றுவது சுலபம் என்று மாற்றினாரா, கேட்கவில்லை.

ஒரு வரி குறைவது பெரிய விஷயம்தான் என்று என் பக்கம் எப்போதும் வாதாட முடியும். நேரான வரிசை என்பது தனி நிலை அல்ல, சுழற்சி 0 என்பது இன்னொரு சுழற்சி, அவ்வளவுதான். 4,096 ஸ்லாட் உள்ள லாக்கில் அது 4,096 பதிவு எழுதினால் ஒரு முறைதான் வரும். அந்த நேரத்தில் கருவி அணைந்தால்தான் தெரியும். அரிதான நிலையைத் தனியாகக் கவனிக்கும் வரியை விட, அந்த நிலையே இல்லாமல் போகும் வடிவம் மேல் என்று இப்போதும் நினைக்கிறேன். நினைத்துவிட்டு, சரியாக ஓடும் ஒன்றை அதற்காக மாற்றச் சொல்லலாமா என்று மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன்.

இதில் என்னைக் கொஞ்சம் அசைத்தது பின்னால் நடந்தது. வரிசை எண்ணை எடுத்துவிட்டு நேரமுத்திரையை வைத்தே தேடலாம், பதிவுக்கு 4 பைட் மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. நேரமுத்திரை நொடி அளவில்தான். ஒரே நொடியில் இரண்டு பதிவு விழலாம். கடிகாரம் பின்னால் திருத்தப்பட்டால் என்ன ஆகும் என்பது வேறு கதை. வலது முனை வடிவம் இதைத் தாங்கும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. 3, 1, 3 என்று கொடுத்தால் தாங்கவும் செய்யும். அவருடைய பழைய வடிவம் அங்கே முதல் வரியிலேயே 3 என்று சொல்லிவிடும். ஆனால் 3, 3, 1, 3 என்று கொடுத்தால் இரண்டு வடிவங்களுமே 3-இல் நிற்கின்றன.

அவர்தான் ஒரு தாளில் இரண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: 3, 1, 3, 3, 3. அதன் கீழே 3, 3, 3, 1, 3. இரண்டிலும் இடது முனை, நடு, வலது முனை மூன்றும் 3. ஒன்றில் சிறிய எண் இடப்புறம், மற்றதில் வலப்புறம். எந்த முனையோடு ஒப்பிட்டாலும் அந்த மூன்று எண்ணைப் பார்த்து யாராலும் திசை சொல்ல முடியாது. சமமாக இருந்தால் `hi`-யை ஒன்று குறைத்துக்கொள்ளலாம். அதே மதிப்பு நடுவிலும் இருப்பதால் எதுவும் தொலையாது. எல்லா எண்ணும் ஒன்றாகவே இருந்தால் 12 சுற்றில் முடிவது 4,095 சுற்று ஆகும், அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

நான் அப்படிச் சொன்னதும் அவர் மூன்றாவதாக ஒன்றை எழுதினார்: 1, 1, 3, 1. `hi` ஒன்று குறைகிறது, பிறகு 1-வது இடம், பிறகு 0-வது இடம். மதிப்பு 1, சரி. ஆனால் அந்த வரிசை தொடங்குவது கடைசி இடத்தில். "நமக்கு வேண்டியது மதிப்பு இல்லையே சார், ஸ்லாட்தானே" என்றார்.

வரிசை எண்ணை எடுக்க வேண்டாம் என்று முடிவானது. கோடு வலது முனை வடிவத்திலேயே இருக்கிறது. அதன் மேலே அவர் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்: வலது முனையும் சிறிய எண்ணும் எப்போதும் ஒரே துண்டில், எண்கள் திரும்ப வராதவரை. பின்பாதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இதே ரிவ்யூ இன்றைக்கு வந்தால் மாற்றச் சொல்வேனா, அந்த 36 நிலை டெஸ்டை மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுவேனா என்றால், அநேகமாக மாற்றத்தான் சொல்வேன். அவர் மறுபடி "ஏன்" என்று கேட்டால் என்ன சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை.