அந்த இன்னொரு 2 எங்கே போனது?

ஆறாம் படிவம் முதல் பருவத்தில், பள்ளி முன்தேர்வில் வந்த ஒரு ரேட் லா, அதாவது வேக விதி, கேள்விக்கு நான் எழுதிய விடை ஒரே வரி. கேள்வி இந்த வினையைப் பற்றியது:

2NO + 2H₂ → N₂ + 2H₂O

கீழே சோதனை அட்டவணை ஒன்று இருந்தது. அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இரண்டு 2 கண்ணில் பட்டதும், வேகம் = k[NO]²[H₂]² என்று எழுதிவிட்டேன். ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமை வேறு. தாள் திரும்பி வந்தபோது, H₂-இன் மேலிருந்த 2-ஐ மட்டும் டீச்சர் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று எழுதியிருந்தார்.

இப்போது பிறையில், அக்கா வீட்டு ஹாலில், எஸ்டிபிஎம் எழுதும் நாலைந்து பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை வேதியியல் சொல்லித் தருகிறேன். அக்கா மகனும் அதில் உட்காருவான். போன மாதம் அவன் நோட்டிலும் அதே 2. கேட்டதற்கு, "சமன்பாட்டுல 2 இருக்கே மாமா, Kc-க்கு அப்படித்தானே போட்டோம்?" என்றான்.

நானும் அங்கேதான் சறுக்கினேன். வினைவேகப் பாடத்தை ஒட்டியே சமநிலைப் பாடமும் வருகிறது. சமநிலை மாறிலி Kc எழுதும்போது குணகங்கள் அப்படியே அடுக்காகப் போய் உட்காரும், அது சரியும்கூட. திருப்புதல் நேரத்தில் இரண்டும் ஒரே இரவில் மண்டைக்குள் போனால், ஒன்றின் பழக்கம் மற்றதில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, பாடத்தில் முதலில் பார்க்கும் சில வினைகளில் அந்தத் தவறான வழியும் சரியான விடையைத் தந்துவிடும். 2NO + O₂ → 2NO₂ என்பதற்கு வேகம் = k[NO]²[O₂]. 2HI → H₂ + I₂ என்பதற்கு வேகம் = k[HI]². குணகமும் ஆர்டரும், அதாவது வேக விதியில் செறிவின் மேல் நிற்கும் அடுக்கும், ஒன்றாக நிற்கின்றன. தற்செயலாகப் பொருந்தியதை விதி என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

அவனிடம் நான் அட்டவணைக்கு முன்னால் வேறொன்று கேட்டேன். "இதே சமன்பாட்டை NO + H₂ → ½N₂ + H₂O என்று பாதியாக எழுதினால் தப்பா?" தப்பில்லை, அதுவும் சமன்செய்யப்பட்டதுதான். "அப்போ ஆர்டர் ஒன்று, ஒன்று என்று மாறிடுமா?" பையன் யோசித்தான். குடுவைக்குள் இருக்கும் வாயுவுக்கு நாம் தாளில் எப்படி எழுதினோம் என்று தெரியாது. ஹைட்ரஜனை இரட்டிப்பாக்கினால் வேகம் எத்தனை மடங்காகிறது என்பது அளந்து பார்க்க வேண்டிய விஷயம். நாம் எழுதும் விதத்தால் அது மாறாது. Kc அப்படியல்ல. சமன்பாட்டைப் பாதியாக்கினால் அதன் மதிப்பே வர்க்கமூலமாக மாறிவிடும், ஏனென்றால் அது எந்தச் சமன்பாட்டுக்கு எழுதப்படுகிறதோ அதற்குரியது.

சரி, அட்டவணைக்கு வருவோம். கணக்கு சுலபமாக வரும்படி நானே எண்களை அமைத்துக் கொடுத்தேன். வெப்பநிலை மூன்றிலும் ஒன்றே. செறிவு mol dm⁻³-இல், தொடக்க வேகம் mol dm⁻³ s⁻¹-இல்.

சோதனை 1: [NO] 0.010, [H₂] 0.010, வேகம் 2.4 × 10⁻⁴
சோதனை 2: [NO] 0.010, [H₂] 0.030, வேகம் 7.2 × 10⁻⁴
சோதனை 3: [NO] 0.020, [H₂] 0.020, வேகம் 1.92 × 10⁻³

ஒன்றையும் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். NO அசையவில்லை. H₂ மூன்று மடங்கு, வேகமும் மூன்று மடங்கு. 3-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 3 வரும்? ஒன்று. H₂-க்கு முதல் ஆர்டர். அடுக்கு 2 ஆக இருந்திருந்தால் வேகம் ஒன்பது மடங்காகியிருக்க வேண்டும்.

NO-வுக்குத்தான் சிக்கல். H₂ மாறாமல் நிற்கும் இரண்டு சோதனைகளே அட்டவணையில் இல்லை. கேள்வி தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே இப்படி வைப்பதுண்டு. இங்கே வந்ததும் பலர் அட்டவணையைக் கைவிட்டு, சமன்பாட்டிலிருந்து 2-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். விடையும் சரியாகவே வரும், ஆனால் செய்முறைக்கு எழுத ஒன்றும் இருக்காது. செய்ய வேண்டியது இதுதான்: ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனால் வேகம் 1.92 × 10⁻³ ÷ 2.4 × 10⁻⁴, அதாவது 8 மடங்கு. H₂ இரட்டிப்பானது, அதன் ஆர்டர் 1 என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே அதன் பங்கு 2 மடங்கு. மீதி 4 மடங்கு NO-வால் வந்தது. NO-வும் இரட்டிப்பாகியிருக்கிறது. 2-இன் வர்க்கம் 4, எனவே NO-வுக்கு இரண்டாம் ஆர்டர்.

வேகம் = k[NO]²[H₂]. மொத்த ஆர்டர் 3. பரிசோதனையில் உண்மையாகவே இந்த வினைக்குக் கிடைத்த வேக விதியும் இதுதான்.

எழுதியது சரியா என்று தேர்வு மண்டபத்திலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: ஒரு வரியில் k கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், மூன்று வரியிலும் கண்டுபிடியுங்கள். இந்த விதிக்கு மூன்றிலும் k = 240 mol⁻² dm⁶ s⁻¹. நான் அன்றைக்கு எழுதிய விதியை வைத்துப் பார்த்தால் முதல் வரியில் 24000, இரண்டாவதில் 8000, மூன்றாவதில் 12000. ஒரே வெப்பநிலையில் மாறிலி இப்படித் தாவினால் அது மாறிலி அல்ல. அன்றைக்கு மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்தில் ஒன்றை இதற்குச் செலவழித்திருக்கலாம்.

"அப்போ அந்த இன்னொரு H₂ எங்கே போச்சு மாமா?" என்றான். நல்ல கேள்வி. வினை ஒரே மோதலில் நடப்பதில்லை. இதற்குச் சொல்லப்படும் வழிமுறை ஒன்று மூன்று படிகள் கொண்டது:

2NO ⇌ N₂O₂ (வேகமானது)
N₂O₂ + H₂ → N₂O + H₂O (மெதுவானது)
N₂O + H₂ → N₂ + H₂O (வேகமானது)

மூன்றையும் கூட்டினால் நம் சமன்பாடு வந்துவிடும். மெதுவான படிக்குள் போவது ஒரு H₂ மட்டும். இரண்டாவது H₂ அதற்கப்புறம்தான் வருகிறது. மெதுவான படி முடியாமல் அதற்கு வேலையே கிடையாது, அதனால் வேகத்தில் அதற்குப் பங்கில்லை. N₂O₂-வின் அளவு, முதல் படியின் சமநிலைப்படி, [NO]²-ஐப் பொறுத்தது. அங்கிருந்துதான் வர்க்கம் வருகிறது. ஒன்று மட்டும் கவனம்: வேக விதியோடு ஒத்துப்போவதால் மட்டும் இந்த வழிமுறை நிரூபணமாகிவிடாது. விடையில் "ஒத்துப்போகிறது" என்றே எழுதுங்கள்.

இதைக் காட்டிய உடனே அவன் பிடித்துக்கொண்டான்: "மெதுவான படியில மட்டும் நீங்களே குணகத்தைப் பார்த்து அடுக்கு போட்டீங்களே!" போட்டேன். ஒரு தனிப்படி என்பது மூலக்கூறுகள் நேராக மோதும் நிகழ்வு, அதனால் அங்கே அது செல்லும். கேள்வியில் "இது தனிப்படி" என்றோ "மெதுவான படி" என்றோ சொல்லியிருந்தால் தாராளமாக அப்படி எழுதலாம். வெறும் ஒட்டுமொத்தச் சமன்பாடு மட்டும் கொடுத்து, கீழே அட்டவணை இருந்தால் கூடாது.

அடுத்த வகுப்புக்கு புரோப்பனோனும் அயோடினும் கொடுத்திருக்கிறேன். அமிலக் கரைசலில் நடக்கும் அந்த வினையில் அயோடினின் ஆர்டர் பூஜ்யம். சமன்பாட்டின் இடது பக்கத்தில் இல்லவே இல்லாத H⁺ வேக விதிக்குள் வந்து நிற்கும். சமன்பாட்டைப் பார்த்து எழுதுகிற பழக்கம் இன்னும் யாருக்காவது மிச்சமிருந்தால் அன்றைக்குத் தெரிந்துவிடும்.