திங்கட்கிழமை விடிவதற்குள் தங்கம் எங்கே போய் நிற்கும்?

கோயம்புத்தூரில் ஒரு கமாடிட்டி புரோக்கிங் அலுவலகத்தில் டீலராகச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமை இரவு 11:30 மணிக்கு டெர்மினலை அணைத்துவிட்டால் திங்கள் காலை 9 மணி வரை தங்கம் தூங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தூங்குவது நம் நாட்டுக் கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸ் மட்டும்தான். நாம் கடையடைத்த பிறகும் நியூயார்க்கில் இன்னும் மூன்று மணி நேரம் வியாபாரம் நடக்கிறது. அமெரிக்காவின் கோடைக்கால நேரப்படி, சனி அதிகாலை 2:30 மணிக்குத்தான் அங்கே மூடுகிறார்கள். மறுபடி திறப்பது நம் திங்கள் அதிகாலை 3:30 மணிக்கு. அதிலிருந்து நாம் திறக்கும்வரை இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது.

ஆக, வெள்ளி மூடிய விலைக்கும் திங்கள் திறக்கும் விலைக்கும் நடுவே நம் திரையில் தெரியும் கேப் ஒரே பள்ளம் இல்லை. வெள்ளி நள்ளிரவுக்குப் பின் நியூயார்க்கில் நகர்ந்தது ஒரு பங்கு. உலகமே மூடியிருக்கும் 49 மணி நேரத்தில் வந்த செய்திக்காக, 3:30 மணிக்கு விலை ஒரேயடியாகத் தாவுவது இன்னொரு பங்கு. அதன் பிறகு ஆசியச் சந்தைகள் அந்தத் தாவலை ஏற்பதோ திருப்பித் தருவதோ மூன்றாவது. இதோடு ரூபாய் மதிப்பும் சேர்ந்துகொள்ளும். தாவல் ஏன் வருகிறது என்பதில் மர்மம் எதுவும் கிடையாது. சனிக்கிழமை செய்தி கேட்டவன் பழைய விலைக்கு விற்க மாட்டான், வாங்கவும் மாட்டான். நடுவிலுள்ள விலைகளில் யாருமே ஆர்டர் வைத்திருப்பதில்லை. அதனால் அந்த விலைகளில் வியாபாரமே நடக்காது. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முழுதாக உறைத்தது 2025 மே மாதத்தில்தான்.

அமெரிக்காவும் சீனாவும் அந்த மே 10, 11 தேதிகளில், அதாவது சனி, ஞாயிறில், ஜெனிவாவில் வரிச் சண்டை பற்றிப் பேச உட்கார்ந்தன. பேச்சு நடக்கப்போவது வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் தெரியும். முடிவுதான் தெரியாது. என் வாடிக்கையாளர் ஒருவர், மில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், வெள்ளி இரவு கோல்ட் மினி என்ற சின்ன தங்க ஒப்பந்தத்தில் 5 லாட் வாங்கி வைத்திருந்தார். எண்களைக் கொஞ்சம் ரவுண்டாக்கிச் சொல்கிறேன்: 10 கிராம் 96,500 ரூபாய். மினி ஒரு லாட் 100 கிராம் என்பதால் விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 10 ரூபாய், ஐந்து லாட்டுக்கு 50 ரூபாய்.

“ஸ்டாப் லாஸ் போட்டாச்சு தம்பி, போனா 25,000 ரூபாய், அவ்வளவுதான்” என்றார். திங்கள் காலை சந்தை திறந்ததும் போய்ச் சேரும்படி ஞாயிறு இரவே, விலை இறங்கினால் தானாக விற்கும் அந்த ஆர்டரைப் போட்டிருந்தார். ஆர்டர் உயிர்பெறும் ட்ரிக்கர் விலை 96,000, அதற்குக் கீழே விற்காதே என்னும் லிமிட் 95,950. நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். என் தவறு அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமையே அமெரிக்கத் தரப்பு, பேச்சில் நல்ல முன்னேற்றம் என்று சொல்லிவிட்டது. பயம் குறைந்தால் தங்கம் இறங்கும். திங்கள் அதிகாலை உலகச் சந்தை கீழே திறந்தது. நம் சந்தை 9 மணிக்கு 95,000 பக்கத்தில் ஆரம்பித்தது. அவருடைய ஆர்டர் ட்ரிக்கர் ஆனது, ஆனால் விற்கவில்லை. 95,950-க்குக் குறையாமல் விற்கச் சொன்ன ஆர்டர் அது. சந்தையில் வாங்குபவர்கள் எல்லோரும் அதற்கு 950 ரூபாய் கீழே நிற்கிறார்கள். ஆர்டர் புக்கில் அது பாட்டுக்கு நிலுவையில் உட்கார்ந்திருந்தது. அவர் ஃபோனில், “ஸ்டாப் அடிச்சுருச்சா?” என்று கேட்கிறார். “அடிச்சது அண்ணா, ஆனா பொசிஷன் அப்படியே இருக்கு” என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இதை ஒருவருக்கு விளக்குவது எவ்வளவு சங்கடம் என்று சொல்லி மாளாது.

அப்போதே லிமிட்டைத் தூக்கிவிட்டு, கிடைத்த விலைக்கு விற்றிருந்தால் நஷ்டம் 75,000. அவர் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. “கேப் நிரம்பும் தம்பி, கொஞ்சம் பொறுப்போம்” என்றார். சந்தையில் இது ஒரு பழமொழி மாதிரி சுற்றுகிறது. செய்தி முழுதாக வந்து முடிந்திருந்தால் சில நேரம் நிரம்பும். அன்றைக்குச் செய்தி பாதிதான் வந்திருந்தது. மதியம் 12:30 மணிக்குக் கூட்டறிக்கை வெளியானது: சீனப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 145 சதவீதத்திலிருந்து 30-க்கும், அமெரிக்கப் பொருள்கள் மீதான சீன வரி 125-லிருந்து 10-க்கும் 90 நாளைக்குக் குறைக்கப்படுகிறது. தங்கம் இன்னொரு மாடி இறங்கியது. மாலை 93,000 பக்கத்தில் அவர் வெளியேறியபோது கணக்கில் 1,75,000 ரூபாய் போயிருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளி இரவு 10:30 மணிக்கு நான் போடும் கணக்கை மாற்றிக்கொண்டேன். ஸ்டாப் எங்கே என்று கேட்பதில்லை. வார நாளில், சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்டாப்புக்கு மதிப்பு. வாரக் கடைசிக்கு, விலை நமக்கு எதிராக 3 சதவீதம் தாவித் திறந்தால் தாங்குமா என்றுதான் கேட்கிறேன். 96,500-ல் 3 சதவீதம் சுமார் 2,900 ரூபாய், மினி ஒரு லாட்டுக்கு 29,000. 60,000 ரூபாய் இழக்கத் தயார் என்பவர் 2 லாட்டோடு வீட்டுக்குப் போகலாம். ஐந்து வைத்திருந்தால் மூன்றை அன்றிரவே வெட்டிவிட வேண்டும். ஏன் 3 என்றால், எம்சிஎக்ஸில் தங்கத்தின் தினசரி விலை வரம்பில் முதல் படி அதுதான், மனதில் நிற்க எளிது. அதற்கு மேலும் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வெட்ட மனசில்லாதவர்களுக்கு, ஸ்டிரைக் என்னும் ஒரு குறித்த விலைக்கு விற்கும் உரிமையைத் தரும் புட் ஆப்ஷன் இருக்கிறது. சந்தை எங்கே திறந்தாலும், ஸ்டிரைக் விலைக்குக் கீழே போகும் நஷ்டத்தைப் புட் ஈடுகட்டிக்கொண்டே வரும். ஸ்டாப் ஆர்டரால் செய்ய முடியாத வேலை இது. ஆனால் ஜெனிவா மாதிரி தேதி தெரிந்த நிகழ்ச்சி வரும்போது புட்டுக்குக் கொடுக்க வேண்டிய பிரீமியமும் ஏறிவிடுகிறது. வெள்ளி இரவு கடைசி அரை மணியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்றுவிடும். வாங்குவதாக இருந்தால் மாலையிலேயே வாங்கிவிட வேண்டும். என்னைக் கேட்டால், சின்னக் கணக்குக்காரர்களுக்கு லாட்டைக் குறைப்பதே மலிவு.

நகைப் பட்டறைக்காரர்களின் கதை வேறு. கையில் தங்கம் வைத்துக்கொண்டு அதற்கு எதிராக ஃபியூச்சர்ஸ் என்னும் பின்தேதி ஒப்பந்தத்தை விற்றிருப்பவர், வெள்ளிக்கிழமை விற்றதைத் திரும்ப வாங்கிவிட்டால், விலை இறங்கினால் காக்கும் ஹெட்ஜே போச்சு. அவர் அப்படியே வைத்திருக்கத்தான் வேண்டும். விலை மேலே தாவினால் பெட்டியிலுள்ள தங்கம் மதிப்பு ஏறும், ஆனால் ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். தங்கத்தைச் சுரண்டியா மார்ஜின் கட்ட முடியும்? அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: திங்கள் காலை கணக்கில் எவ்வளவு காசு இருக்கும்?

மில் கடை அண்ணா மறுபடி வந்தார், ஜூன் 20 வெள்ளியன்று, இந்த முறை 2 லாட் மட்டும் வாங்கி. ஞாயிறு விடியற்காலை ஈரானின் அணு மையங்கள் மீது அமெரிக்கா குண்டு போட்ட செய்தி வந்தது. காலை ஆறு மணிக்கே அவர் ஃபோன். “இப்போ எவ்வளவு மேல தொறக்கும்?” திங்கள் 3:30 மணிக்கு இருவருமே விழித்திருந்தோம். அவுன்ஸ் 3,368 டாலர் வாக்கில் மூடியிருந்த தங்கம் சட்டென்று மேலே எழும்பியது. ஆறரைக்குள் அந்த ஏற்றம் முழுதும் கரைந்துவிட்டது. 9 மணிக்கு நம் திரை விழித்தபோது, வெள்ளி இரவு விட்ட இடத்திலேயே ஏறக்குறைய நின்றது.

“அப்புறம் எதுக்குத் தம்பி மூன்றரைக்கு எழுந்தோம்?” என்றார். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.