ரத்துச் செய்த சந்தாவுக்குக் கடனட்டையில் காசு போனால்: கிளிநொச்சியில் இருந்து ஒரு அனுபவம்

கடையின் விளம்பரப் படங்கள் செய்ய எடுத்த ஒரு வெளிநாட்டு மென்பொருளின் மாதச் சந்தா அது. 2025 மார்ச் 15 அதிகாலை 2 மணிக்கு ரத்துச் செய்தோம், உறுதி மின்னஞ்சலும் உடனே வந்தது. அன்று விடிய 5.35க்கு 12.99 டொலர் மீண்டும் எடுபட்டது.

முதலில் நிறுவனத்துக்கு எழுதினோம். மறுத்தார்கள். அந்த மறுப்பையும் பத்திரப்படுத்த வேண்டும், வங்கி அதைக் கேட்கும். காசு 'பென்டிங்' நிலையில் நிற்கும்வரை வங்கி முறைப்பாட்டை எடுக்காது, கணக்கில் பதிவாகும்வரை பொறுக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. இவ்வகை முறைப்பாட்டுக்கு விசா அட்டையில் பொதுவாக 120 நாள்தான் அவகாசம்.

வங்கிப் படிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'இந்தக் கொடுப்பனவை நான் செய்யவில்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டால் அது மோசடி முறைப்பாடாகிவிடும். அட்டையை முடக்குவார்கள். நிறுவனமோ உங்கள் பழைய கொடுப்பனவுகளையும் உள்நுழைந்த பதிவுகளையும் காட்டி, கணக்கு உங்களுடையதுதான் என்று நிறுவிவிடும். தெரிவு செய்ய வேண்டியது 'ரத்துச் செய்த தொடர் கொடுப்பனவு'. விசாவில் அதன் இலக்கம் 13.2. படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லாவிட்டால் 'வேறு' என்பதில் கையால் எழுதுங்கள்.

எங்கள் முறைப்பாடு முதல் தடவை திரும்பியது வேறு காரணத்தால். இணைத்த ஸ்கிரீன்ஷொட்டில் ரத்தான திகதி மார்ச் 15, வங்கிக் கூற்றில் காசு எடுபட்டதும் மார்ச் 15. எது முந்தியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கைபேசி இலங்கை நேரத்தைக் காட்டும், நிறுவனத்தின் பற்றுச்சீட்டோ உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளியை அழுத்தி `Show original` போனால் இந்த வரி கிடைக்கும்:

```
Date: Fri, 14 Mar 2025 20:30:00 +0000
```

கடைசியில் உள்ள +0000 இது உலகப் பொது நேரம் என்பதைக் காட்டும். பற்றுச்சீட்டில் இருந்தது மார்ச் 15, 00:05. இரண்டையும் ஒரே தாளில், ஒரே நேரக் கணக்கில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். ரத்துச் செய்து 3 மணி 35 நிமிடத்துக்குப் பிறகே காசு எடுபட்டது என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

ரத்து உறுதியில் நிறுவனத்தின் பெயரும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் தெரிய வேண்டும். கூற்றில் வேறு பெயர் விழுந்திருந்தால், இரண்டு பெயரும் உள்ள பழைய பற்றுச்சீட்டு ஒன்றையும் சேருங்கள். கைபேசியில் இருந்து செயலியை அழித்த படம் ரத்துக்கு ஆதாரமே இல்லை, செயலி போனாலும் சந்தா ஓடிக்கொண்டிருக்கும். கொமினிகேஷனில் பிரின்ற் எடுக்கும்போது அட்டையின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் விட்டு மற்றதை மறையுங்கள். அட்டையின் பின்பக்க மூன்று இலக்கத்தை எந்தப் படிவத்திலும் எழுதவே வேண்டாம்.

கிளையில் கொடுத்தால் திகதி முத்திரையிட்ட பிரதியும் முறைப்பாட்டு இலக்கமும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வங்கி எழுத்தில் மறுத்து, அது நியாயமில்லை என்று பட்டால், அந்த இலக்கத்தோடு மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935இல் அழைக்கலாம்.

இரண்டாம் தடவை கொடுத்த தாள்களோடு காசு திரும்பியது.