அன்னாசி கெஃபிர்: அடைத்த பாட்டிலின் நாட்குறிப்பு

ஜூன் 4, காலை

பாலைப் புளிக்கவைத்துக் கெஃபிர் என்ற பானமாக்கும் மணிகளை வடிகட்டிப் புதுப் பாலில் போட்டாயிற்று. பழம் சேர்த்துப் பாட்டிலில் அடைக்கும் இரண்டாம் நொதித்தலுக்கு மணிகள் தேவையில்லை. வடித்த கெஃபிரிலேயே ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாவும் ஏராளம். பழச் சர்க்கரையை ஈஸ்ட் உண்டு கரியமில வாயுவை வெளிவிடும். மூடி இறுக்கமாக இருந்தால்தான் அது கெஃபிரில் கரைந்து தங்கும்.

இம்முறை அன்னாசி. சமைக்காத அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். அதனால் துண்டுகளைச் சில நிமிடங்கள் கொதிக்கவைத்தேன். முழுவதும் ஆறிய பிறகே அரைத்தேன். சூடாக ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். நாரையும் வடிகட்டினேன். நார் மேலே மிதந்து பாட்டிலின் கழுத்தை அடைத்துக்கொள்ளும். திறக்கும்போது அதுவும் சேர்ந்து பீறிடும்.

500 மி.லி. பாட்டிலில் 350 மி.லி. கெஃபிர், இரண்டு மேசைக்கரண்டி பழக்கூழ். மீதி இடத்தைக் காலியாகவே விட்டேன். பால் புரதம் குமிழிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் கெஃபிரின் நுரை எளிதில் அடங்காது. அதற்கு இடம் வேண்டும்.

கண்ணாடியில், வாயு நிறைந்த பானங்களுக்கென்றே செய்த கனமான உருண்டை பாட்டிலை மட்டுமே நம்புவேன். சதுர வடிவ அலங்காரப் பாட்டில்களின் மூலைகள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும். அதே கலவையைக் காலி சோடா பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலும் அதே அளவு இடம் விட்டு அடைத்து, பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிக்குள் நடப்பதை விரலால் அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஜூன் 4, இரவு

பிளாஸ்டிக் பாட்டிலை அழுத்தினால் இன்னும் உள்வாங்குகிறது. திறக்கவில்லை, இப்போது திறந்தால் சேர்ந்த வாயு வீணாகும். விடியற்காலைக்கு அலாரம் வைத்துவிட்டேன். வெப்பமான அறையில் இரவு முழுக்கக் கவனிக்காமல் விடக் கூடாது.

ஜூன் 5, விடியற்காலை

பிளாஸ்டிக் பாட்டில் கல்லாக இறுகியிருக்கிறது. கண்ணாடி பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி, குலுக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். அறை வெப்பத்தில் திறந்தால் பாதி கெஃபிர் கூரைக்குப் போகும். குளிரில் வாயு அதிகமாகக் கரைந்து நிற்கும், ஈஸ்டும் மெதுவாகிவிடும்.

ஜூன் 5, மாலை

நன்றாகக் குளிர்ந்ததும் பாட்டிலைத் தொட்டிக்குள் வைத்து, துண்டால் மூடி, முகத்தை விலக்கிக்கொண்டு திறந்தேன். ஒரு கை மூடியை அழுத்திப் பிடித்திருக்க, மறு கையால் அதைப் பூட்டியிருக்கும் கம்பியை மெல்லத் தளர்த்தினேன். ‘உஸ்’ என்றது, நுரை கழுத்துவரை ஏறியது. உடனே மூடியை அழுத்தி, நுரை இறங்கியதும் மறுபடி தளர்த்தினேன். சத்தம் அடங்கும்வரை இதே வேலை. பிறகுதான் மூடியை முழுவதும் விட்டேன். புளிப்புக்குப் பின்னால் அன்னாசி மணம். நாக்கில் சுருக்கென்ற கூச்சம். அருமை!

ஜூன் 7

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். இன்றும் திறந்தபோது ‘உஸ்’ என்றது. குளிரிலும் நொதித்தல் நிற்பதில்லை. ஆகவே தினமும் ஒருமுறை இதே பக்குவத்தில் வாயுவை விட்டு, ஓரிரு நாளில் குடித்துமுடிக்கப்போகிறேன். இளஞ்சிவப்புத் திட்டோ பஞ்சு போன்ற பூஞ்சையோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.