எங்கள் போஸ்டரை எல்லோரும் குறுக்கே படித்தார்கள்

கருத்தரங்குக்கு ஒன்பது நாள்கள் இருந்தபோது, எங்கள் போஸ்டரைப் பதினாறு ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டு, துறையின் தாழ்வாரச் சுவரில் ஒட்டிவைத்தோம். பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஓர் ஏ0 தாளின் அளவு வரும் என்பதால், உண்மையான உருவில் பார்த்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். வகுப்புக்குப் போகும் வழியில் நின்று படித்த பேராசிரியர் ஒருவர், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி, "முடிவுகளையே சொல்லாமல் எப்படியம்மா விவாதத்துக்குப் போய்விட்டீர்கள்?" என்று கேட்டார். முடிவுகள் அவர் கண்ணெதிரே, நடுப்பத்தியில் இருந்தன. அவர் அவற்றைக் கவனிக்காமல் விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்குப் பின் நின்று படித்த நான்கு மாணவர்களில் மூவர் அதே வழியில் படித்ததைப் பார்த்தபோது, பிழை எங்களுடையது என்பது புரிந்தது.

நானும் என் தோழியும் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊரில் பத்துத் திறந்த கிணறுகள், எட்டு ஆழ்துளைக் கிணறுகள் என மொத்தம் 18 இடங்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் பின் ஜனவரியிலும் நீர் எடுத்து, அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவைக் காட்டும் மொத்தக் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் மூலம் அளந்திருந்தோம். ஆய்வு நல்லபடியாக முடிந்து, நெறியாளரும் ஒப்புதல் தந்துவிட்டார். அதன்பின் போஸ்டர் என்பது ஒருநாள் வேலை என்று நினைத்ததுதான் தவறு.

முதல் வடிவத்தில் மூன்று பத்திகள், ஒவ்வொன்றிலும் மூன்று பெட்டிகள். இடப்பத்தியில் முன்னுரை, நோக்கம், மாதிரி எடுத்த இடங்கள். நடுப்பத்தியில் செய்முறை, அட்டவணை, வரைபடங்கள். வலப்பத்தியில் விவாதம், முடிவுரை, துணைநூல்கள். ஒன்பது பெட்டிகளையும் ஒரே உயரத்தில் அமைத்து, எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தோம். திரையில் பார்க்க மிக ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் எங்களைக் கெடுத்தது. பெட்டிகளின் மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் நின்றதாலும், பக்கத்துப் பெட்டியும் கீழ்ப்பெட்டியும் ஒரே தூரத்தில் இருந்ததாலும், முன்னுரையை முடித்த கண் இயல்பாகவே வலப்பக்கம் தாவி, செய்முறைக்கும் அங்கிருந்து விவாதத்துக்கும் போய்விட்டது. பத்தியாக இறங்கிப் படிக்க வேண்டும் என்பது எங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

உடனே செய்த திருத்தம், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை பெரிய எண்கள் போட்டது. அது பெரிய பலன் தரவில்லை. படிப்பவர் ஒரு பெட்டியை முடித்ததும் அடுத்த எண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தேடும் பொறுமை இல்லாதவர் பழையபடி குறுக்கே போனார். பயன்பட்டது இடைவெளி மாற்றம்தான். ஒரே பத்தியில் மேலும் கீழுமாக உள்ள பகுதிகளுக்கு நடுவே 15 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டு, பத்திகளுக்கு இடையே 40 மில்லிமீட்டர் விட்டோம். பெட்டிக் கோடுகளை நீக்கினோம். பகுதிகளின் உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் வைத்து, எந்த இடத்திலும் போஸ்டரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஒரே கோட்டில் தலைப்புகள் நிற்காதபடி பார்த்துக்கொண்டோம். மறுநாள் அதே சுவரில் ஒட்டி, ஆய்வைப் பற்றி எதுவும் அறியாத இளங்கலை மாணவிகள் ஐந்து பேரிடம், எந்தப் பகுதியைப் படிக்கிறீர்களோ அதை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள் என்று மட்டும் சொன்னோம். ஐவரும் பத்தியாக இறங்கினார்கள். இந்த விரல் சோதனையை யாரும் தவறவிட வேண்டாம். "வரிசை புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றே சொல்வார்கள்.

அதற்குள் அடுத்த இடி விழுந்தது. அறிவிப்பில் போஸ்டர் ஏ0 அளவில் இருக்க வேண்டும் என்று மட்டுமே இருந்தது. கிடைமட்டமா, செங்குத்தா என்று ஒரு சொல்லும் இல்லை. சந்தேகத்தில் தொலைபேசியில் கேட்டபோது, பலகைகள் மூன்றடி அகலம்தான் என்றார்கள். எங்கள் கிடைமட்டப் போஸ்டரின் அகலம் 1189 மில்லிமீட்டர், ஏறக்குறைய நான்கு அடி. செங்குத்தாக வைத்தால் 841 மில்லிமீட்டர், பலகைக்குள் அடங்கும். பவர்பாயிண்டில் Design > Slide Size > Custom Slide Size சென்று திசையை மாற்றினால் போதும் என்று நம்பினேன். மாற்றியதும் எழுத்தின் அளவுகள் குலைந்து, படங்கள் இடம் மாறி, வேலை செய்யவே முடியாத நிலையில் கோப்பு கிடந்தது. புதிய கோப்பில் முதலில் அளவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் மீண்டும் அடுக்கினோம். ஒரு முழுநாள் போயிற்று. பலகையின் அகலமும் உயரமும் கையில் வரும் முன் ஒரு பெட்டிகூட வரையாதீர்கள்.

ஆனால் இந்த விபத்து எங்களை இரண்டு பத்திகளுக்குத் தள்ளியது. அது நன்மையாகவே முடிந்தது. ஓரங்களில் 30, நடுவே 40 மில்லிமீட்டர் விட்டால் ஒவ்வொரு பத்திக்கும் சுமார் 370 மில்லிமீட்டர் கிடைக்கும். 28 பாயிண்ட் ஆங்கில எழுத்தில் அது வரிக்கு ஏறத்தாழ 75 எழுத்துகள். இதைவிட அகலமானால், வரியின் கடைசியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் தடுமாறும்.

28 பாயிண்டுக்கு வந்ததே ஒரு போராட்டம். முதல் வடிவத்தில் 1,350 சொற்கள். இடம் போதாமல் எழுத்தை 16 பாயிண்டுக்குச் சுருக்கியிருந்தோம். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதால் அது சிறியது என்பதே தெரியவில்லை. தெரிந்துகொள்ள எளிய வழி, முழுப் போஸ்டரையும் ஒரே ஏ4 தாளில் அச்சிடுவது. நீளமும் அகலமும் நான்கில் ஒன்றாகக் குறைவதால், 16 பாயிண்ட் 4 பாயிண்டாகிவிடும். அதைக் கண்ணருகே வைத்தும் எங்களால் படிக்க முடியவில்லை. 28 பாயிண்ட் ஏ4 தாளில் 7 பாயிண்டாக நிற்கும். கையில் பிடித்து வழக்கம்போல் படிக்கலாம். அந்தத் தாளில் படிக்க முடியாத எதையும், கூட்டத்தில் நாலடி தள்ளி நிற்பவரும் படிக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டோம். நிமிடத்துக்கு 200 சொற்கள் என்று கணக்கிட்டாலும் 1,350 சொற்களுக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். சுற்றிலும் அத்தனை போஸ்டர்கள் இருக்கும்போது யாரும் நம் முன்னால் ஏழு நிமிடம் நிற்க மாட்டார்கள்.

சொற்களை வெட்டும்போது மனம் வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். நீரின் அவசியம் பற்றிய மூன்று பாராக்கள் முன்னுரையில் இருந்தன. அவற்றில் இரண்டே வாக்கியங்களை விட்டோம். ஒன்று எங்கள் கேள்வி. மற்றொன்று, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீரில் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது என்பது. செய்முறையில் 190 சொற்கள் இருந்தன. அவற்றை நான்கு சிறு படங்களாக மாற்றினோம்: மாதிரி நீர், பி.எச். 10 தாங்கல் கரைசல், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி, ஒயின் சிவப்பு நீலமாக மாறும் நிலை. தரம்பார்த்தல் தெரிந்தவருக்கு இதுவே போதும். தெரியாதவருக்கு அந்த 190 சொற்களும் உதவியிருக்காது.

மிகக் கடினமாக இருந்தது அட்டவணையை விடுவதுதான். 18 கிணறுகள், இரண்டு பருவம், ஆக 36 எண்கள். ஒவ்வொன்றுக்கும் வெயிலில் நடந்து நீர் எடுத்தவள் நான். ஆனால் சோதனைக்கு நின்ற எவரும் அந்த எண்களைப் படிக்கவில்லை. அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அதற்குப் பதிலாக, இடப்புறம் செப்டம்பர், வலப்புறம் ஜனவரி என இரு செங்குத்துக் கோடுகள் வரைந்து, ஒவ்வொரு கிணற்றின் இரு அளவுகளையும் ஒரு சாய்கோட்டால் இணைத்தோம். திறந்த கிணறுகள் நீலம், ஆழ்துளைக் கிணறுகள் பழுப்பு. நீலக் கோடுகளில் ஒன்பது கீழே சரிவதும், பழுப்புக் கோடுகளில் ஆறு ஏறக்குறைய மட்டமாகக் கிடப்பதும் தூரத்திலிருந்தே தெரிந்தன. 36 எண்களும் அந்தப் படத்துக்குள்தான் இருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல்.

முடிவுரையின் இடத்தையும் மாற்றினோம். செங்குத்து ஏ0 போஸ்டரின் கீழ்ப்பகுதி பலகையில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். முன்னால் ஒருவர் நின்றாலே மறைந்துபோகும். எனவே மழைக்குப்பின் திறந்த கிணற்று நீரின் கடினத்தன்மை குறைந்தது, பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகளில் மாற்றம் சிறிதே என்ற ஒற்றை வாக்கியத்தை, தலைப்புக்குக் கீழே இரு பத்திகளின் அகலத்துக்கும் 54 பாயிண்டில் வைத்தோம். துணைநூல்களும் நன்றியும் அடியில் சிறிய எழுத்தில் போயின. கடைசியில் 430 சொற்கள் நின்றன.

அச்சுக்கடையில் மீண்டும் அடி. கடையில் வழக்கமான அளவு மூன்றுக்கு நான்கு அடி, அதாவது 914-க்கு 1219 மில்லிமீட்டர். ஏ0-வின் விகிதம் வேறு என்பதைப் பார்க்காமல், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோப்பை அந்த அளவுக்கு இழுத்து அச்சிட்டுவிட்டார்கள். கல்லூரியின் வட்டச் சின்னம் முட்டை வடிவில் இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அதோடு, அந்த அகலம் மூன்றடிப் பலகையின் ஓரத்தைத் தொட்டிருக்கும். சண்டை போட்டுப் பயனில்லாமல், இரண்டாம் முறையும் பணம் கொடுத்து அச்சிட்டோம். இம்முறை பி.டி.எஃப். கோப்போடு அளவை மில்லிமீட்டரில் தாளில் எழுதிக் கொடுத்து, அளவுநாடாவால் அளந்த பிறகே வாங்கினோம். பவர்பாயிண்ட் கோப்பைக் கொடுக்காததும் நல்லதாயிற்று. நிலப்படத்தில் தமிழில் எழுதியிருந்த தெருப்பெயர்கள் அந்தக் கடைக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும்.

கருத்தரங்கு நாளில் எங்களிடம் வந்த நடுவர், மேலே இருந்த வாக்கியத்தைப் படித்து, நேராகக் கோட்டுப் படத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டார். மட்டமாகக் கிடந்த பழுப்புக் கோடுகளுக்கு நடுவே சரிந்திருந்த இரண்டைக் காட்டி, "இந்த இரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார். அவை இரண்டும் மற்றவற்றைவிட ஆழம் குறைந்தவை. ஆய்வேட்டில் அந்த விவரம் இருக்கிறது. சொற்களைக் குறைக்கும் வேகத்தில் ஆழங்கள் இருந்த பகுதியை முழுதாக நீக்கியிருந்தோம். வாய்மொழியாகச் சொன்னேன்; அவரும் ஏற்றுக்கொண்டு குறித்துக்கொண்டார். அந்த இரு கோடுகளின் முனையில் ஆழத்தை எழுத நான்கு சொற்கள் போதும், இடமும் இருந்தது.